இரவு 11 மணிக்கு ஒரு 'டிங்'!

எங்கள் வீட்டில் நவராத்திரி என்றால் ஒன்பது நாளும் சுண்டல் வாசனைதான். போன வருஷம் சரஸ்வதி பூஜையன்று வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, அப்பாடா என்று உட்கார்ந்தபோது மணி இரவு 11.10. அப்போதுதான் சுரீரென்று ஞாபகம் வந்தது. மறுநாள் விஜயதசமி. பாட்டு வகுப்பு எத்தனை மணிக்கு என்று குழந்தைகளின் அம்மாக்களுக்கு நான் சொல்லவே இல்லை!

வீட்டிலேயே பதினாலு குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். அம்மாக்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. உடனே போனை எடுத்துத் தட்டினேன்: "நாளை வகுப்பு காலை 7 மணிக்கு." அனுப்பிய பிறகுதான் ஏழரை வரை நேரம் சரியில்லை என்று இவர் சொன்னது நினைவு வந்தது. "மன்னிக்கவும், 7.45." இன்னொரு 'டிங்'. "புடைவை, பாவாடை கட்டி அழைத்து வரவும்." மூன்றாவது 'டிங்'. அதற்குள் விழித்திருந்த நாலைந்து பேர் "சரி மாமி" என்றும், கட்டை விரலைக் காட்டியும், கைகூப்பியும் பதில் போட்டார்கள். ஒருத்தி, "நாளைன்னா விஜயதசமிதானே மாமி? நாளன்னிக்கு இல்லையே?" என்று கேட்டாள். அதற்கு நான் ஒரு பதில். எண்ணிப் பார்த்தால் மொத்தம் பதினொரு 'டிங்'! ஒவ்வொன்றும் பதினாலு வீட்டில் அடித்திருக்கிறது.

வேலை முடிந்ததென்று நான் நிம்மதியாகத் தூங்கிப் போனேன்.

மாடி வீட்டுப் பெண் சொன்னது

எங்கள் தெருவில் மாடி வீடு ஒன்றில் இருக்கும் பெண்ணின் மூத்த குழந்தை என்னிடம் பாட்டுக் கற்கிறாள். பெயர் வேண்டாம், மாடி வீட்டுப் பெண் என்றே வைத்துக் கொள்வோம். இரண்டாவது ஐந்து மாதக் கைக்குழந்தை. கணவருக்கு ராத்திரி ஷிப்ட். விஜயதசமியன்று குழந்தையை அழைத்து வந்தவளுக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "என்னம்மா, தூங்கலையா?" என்றேன். "சின்னவன் படுத்தினான் மாமி" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து அவளே ஒருநாள் என் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். ஊரில் அவள் அப்பாவுக்கு இரவு 2 மணிக்கு நெஞ்சு வலி. அம்மா ஆறு தடவை போன் செய்திருக்கிறார். இவளோ காலை ஐந்தரைக்குத்தான் பார்த்திருக்கிறாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். நல்லவேளையாகப் பிழைத்துக் கொண்டார். ஆனால் அந்த மூன்றரை மணி நேரம் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்றதை நினைத்து நினைத்து இவள் உருகுகிறாள்.

"ஏம்மா, போன் பக்கத்தில் இல்லையா?" என்று கேட்டேன்.

சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள். "தலைமாட்டுலேதான் மாமி இருந்தது. ஆனா சத்தத்தை மொத்தமா நிறுத்தி வெச்சிருந்தேன். ராத்திரியிலே 'டிங்'னு அடிச்சா சின்னவன் முழிச்சுக்கறான். திரும்பத் தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆறது. சரஸ்வதி பூஜை அன்னிக்கு அவனைத் தூங்கப் பண்றதுக்குள்ளே மணி ஒண்ணாயிடுத்து. அன்னியிலேருந்து சைலன்ட்லதான் போடறேன். உங்களாலேன்னு நான் சொல்லலை மாமி..."

அவள் சொல்லவில்லைதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மறந்துவிடுவேனோ என்ற பயம் என்னுடையது. அதற்காக விழித்திருந்தவள் அவள்.

கைக்குழந்தையின் தூக்கம் நம்முடையதைப் போல நீளமான தூக்கம் அல்ல. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான சுற்றுகளாக வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் மேலோட்டமாகிவிடும். அந்தச் சமயம் பார்த்து ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும், விழித்துக் கொள்ளும்.

ஆனால் குழந்தை விழித்துக் கொள்வதோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்பதை அன்றுதான் புரிந்து கொண்டேன். அகாலத்தில் வரும் அற்பச் சேதிகள்தாம் ஒருவரை போனின் வாயை அடைக்க வைக்கின்றன. வாயை அடைத்த போன், உயிர் போகிற அவசரத்துக்கும் ஊமையாகத்தான் இருக்கும்.

எது அமைதி நேரம்?

1986-ல் நான் கல்யாணமாகி வந்த புதிதில், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதென்றால் ஏதோ அவசரம் என்று அர்த்தம். போன் வந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு நமக்கு மறந்துவிட்டது. ஒலிபெருக்கிக்குக்கூடச் சட்டம் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம். அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது பொது விதி. பந்தலில் அலறுகிற ஒலிபெருக்கிக்கு உள்ள கட்டுப்பாடு, தலைமாட்டில் அலறுகிற போனுக்கு வேண்டாமா?

நானாக ஒரு நேரத்தை வைத்துவிடாமல், அம்மாக்கள் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது கேட்டேன். கைக்குழந்தைக்காரிகள் எட்டரைக்கு விளக்கணைக்கிறார்கள். ஒருத்தியின் மாமனார் எட்டு மணிக்கே மாத்திரை போட்டுக் கொண்டு படுத்துவிடுகிறார். இன்னொருத்தி வீட்டில் ஒரே போன். ராத்திரி அது மாமியார் கட்டிலருகே சார்ஜில் இருக்கும். பதினோரு மணிக்கு மருமகள் பெயருக்குச் சேதி வந்தால், "இந்நேரத்துக்கு யாரு?" என்று மறுநாள் பூராவும் முகம் தூக்கிக் கொள்வார்களாம். சேதியில் பாட்டு வகுப்பு நேரம்தான் இருந்தது என்பதை யார் கேட்கிறார்கள்!

எல்லாம் கேட்டபின் இரவு 8.30 முதல் காலை 8.30 வரை எந்தச் சேதியும் கிடையாது என்று வைத்தோம். காலையில் எட்டரை வரை ஏன் என்கிறீர்களா? ஏழு முதல் எட்டரை வரை ஒரு கையில் தோசைத் திருப்பி, இன்னொரு கையில் பின்னல். அந்த நேரத்தில் வருகிற சேதியைப் பார்ப்போம், "அப்புறம்" என்று வைப்போம், அதோடு மறந்தே போவோம். நான் அனுபவத்தில் கண்டது, பத்து மணிக்கு மேல் பதினொன்றுக்குள் அனுப்பினால் நிதானமாகப் படித்து, நாள்காட்டியிலும் குறித்துக் கொள்கிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவர்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தி சிங்கப்பூரிலிருந்து கணினி மூலம் பாடம் கேட்கிறாள். நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் அதிகம். இங்கே எட்டரை என்று நான் நல்ல பிள்ளையாக அனுப்பினாலும் அங்கே மணி 11 ஆகியிருக்கும்! அவளுக்கு மட்டும் மாலை ஆறுக்குள் அனுப்பிவிடுகிறேன்.

எழுதுவது இரவில், அனுப்புவது காலையில்

"பகலில் நேரம் ஏது? ராத்திரிதானே உட்கார முடிகிறது" என்பீர்கள். எனக்கும் அப்படித்தான். ஆகவே இரவில் எழுதுவதை நான் விடவில்லை. அனுப்புவதைத்தான் விட்டேன்.

வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே சேதி அனுப்பிக் கொள்ளும் வசதி உண்டு. சேதி அனுப்ப ஆளைத் தேடும் பட்டியலில் நம் பெயரே இருக்கும். சேதியை இரவில் அங்கே எழுதி எனக்கே அனுப்பிக் கொள்வேன். காலையில் அதை அப்படியே நகல் எடுத்துக் குழுவில் போட்டால் ஒரு நிமிஷ வேலை. முதலில் குழுவின் பெட்டியிலேயே தட்டி, அனுப்பாமல் வைத்துப் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் விரல் பட்டு, பாதிச் சேதி போய்விட்டது! அந்த வழி வேண்டாம்.

சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்களுக்கு இன்னும் சுலபம். கூகுளின் மெசேஜஸ் செயலியில் அனுப்பும் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கும். ஜிமெயிலில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'Schedule send' என்று வரும். ஆனால் ஒன்று: எஸ்.எம்.எஸ். குறித்த நேரத்தில் போக வேண்டுமானால் அப்போது நம் போன் அணையாமல், சிக்னலோடு இருக்க வேண்டும். காலையில் போயிற்றா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

இரவில் எழுதிக் காலையில் அனுப்புவதில் எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. காலையில் படித்தால் பிழை கண்ணில் படுகிறது. அதிலும் முக்கியமானது 'நாளை' என்கிற வார்த்தை. இரவு 11.50-க்கு நீங்கள் எழுதும் 'நாளை'யை ஒருவர் 12.10-க்குப் படித்தால், அவருக்கு அது எந்த நாள்? அன்று அந்தப் பெண் கேட்ட கேள்வி அசட்டுக் கேள்வியே அல்ல. இப்போது என் சேதியில் நாளையும் இல்லை, நாளன்றைக்கும் இல்லை. போன மாதம் அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

"16-ந் தேதி வெள்ளிக்கிழமை காலை 6.30 வகுப்பு இல்லை. அதற்குப் பதில் 18-ந் தேதி ஞாயிறு காலை 7 மணிக்கு வைத்திருக்கிறேன். வர இயலாதவர்கள் மட்டும் வெள்ளி மாலை 6 மணிக்குள் எனக்குத் தனியாகச் சொல்லவும். மற்றவர்கள் பதில் எழுத வேண்டாம்."

தேதி, கிழமை, மணி, பதில் யார் சொல்ல வேண்டும், எதற்குள் சொல்ல வேண்டும் எல்லாம் ஒரே சேதியில் அடங்கிவிட்டன. பதினொரு 'டிங்' ஒன்றாயிற்று! சிலர் இரவில் அனுப்பிவிட்டு, "அவசரமில்லை, காலையில் பார்த்தால் போதும்" என்று அடியில் எழுதுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதைப் படிப்பதற்கே எழுந்திருக்க வேண்டுமே!

அவசரம் என்றால் எது?

தை மாதம் ஒருநாள் இரவு 10.45-க்கு எனக்குக் குளிர் ஜுரம். காலை ஆறரைக்கு நான்கு குழந்தைகளுக்கு வகுப்பு. கை தன்னால் போனைத் தேடியது. இவர் கேட்டார், "இப்போ சொன்னா அவங்க ராத்திரியிலே என்ன செய்யப் போறாங்க?"

யோசித்தேன். ஒன்றும் செய்யப் போவதில்லை. அவர்கள் எழுந்திருப்பது ஐந்தரைக்கு, கிளம்புவது ஆறேகாலுக்கு. அதற்கு நடுவில் தெரிந்தால் போதும். ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்துக் கொண்டு படுத்தேன். காலையில் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு முதலில், பிறகு மற்றவர்களுக்கு என்று தனித்தனியே போன் செய்தேன். மூன்று பேர் எடுத்தார்கள். நான்காவது வீட்டில் எடுக்கவில்லை. ஆறரைக்கு இவர் வாசலில் நின்று, வந்த குழந்தையைப் பாட்டியோடு திருப்பி அனுப்பினார். மாலைக் குழந்தைகளின் அம்மாக்களுக்குப் பத்து மணிக்குக் குழுவில் ஒரே சேதி. அந்தப் பத்து வீட்டிலும் என் ஜுரத்துக்காக யாரும் விழிக்கவில்லை.

அன்றிலிருந்து என் அளவுகோல் இதுதான். விடிவதற்குள் அவர் எழுந்து ஏதாவது செய்தாக வேண்டுமா? அதிகாலை நாலு மணி பஸ் ரத்தாகிவிட்டது போல இருந்தால் 'ஆம்'. அப்போது சேதி எழுதாதீர்கள், கூப்பிடுங்கள். அதுவும் சம்பந்தப்பட்டவரை மட்டும். சேதி அனுப்பினால் தூங்குகிறவர் பார்த்தாரா இல்லையா என்று தெரியாமல் நீங்களும் தவிப்பீர்கள். பதில் 'இல்லை' என்றால் எட்டரை வரை காத்திருக்கட்டும்.

இது வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் பொருந்தும். "காலைல அஞ்சரைக்கே வந்துடு" என்று இரவு பத்துக்கு அனுப்பிவிட்டு, வரவில்லையே என்று கோபித்துக் கொண்டவள்தான் நானும். அவர்கள் வீட்டில் போன் மகன் கையில்! மத்தியானம் வேலை முடிந்து கிளம்பும்போது வாயால் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அதற்குள் தெரியாமல் போனால் அது நம் தவறு. வழக்கமான நேரத்துக்கே வரட்டும்.

பண்டிகை நாட்களில்

சரஸ்வதி பூஜையன்று பாட்டுப் புத்தகத்தையே பூஜையில் வைத்துவிடுகிறோம். அன்று வகுப்புச் சேதி மட்டும் எதற்கு? இப்போது ஆங்கில மாதம் 25-ந் தேதி வாக்கில் அடுத்த மாத விடுமுறைகளை ஒரே சேதியாக அனுப்பிவிடுகிறேன். நம் தீபாவளி, பொங்கல் மட்டுமல்ல. என்னிடம் ஒரு கிறிஸ்தவக் குழந்தையும் ஒரு முஸ்லிம் குழந்தையும் கற்கிறார்கள். கிறிஸ்துமஸும், புனித வெள்ளியும், ரம்ஜானும் அந்தப் பட்டியலில் உண்டு. ரம்ஜான் பிறை பார்த்து முடிவாவதால் ஒருநாள் முன்பின் ஆகலாம். அதனால் இரண்டு நாளையும் விட்டுவிடுகிறேன். விடுமுறைக்கு மறுநாள் வகுப்பு எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால், பண்டிகையன்று போனைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

போனை ஊமையாக்காமல்

அனுப்புகிற நான் திருந்திவிட்டேன், சரி. மற்றவர்கள் எல்லோரும் திருந்தும்வரை மாடி வீட்டுப் பெண் என்ன செய்வாள்? அவள் தம்பி வந்து இரண்டு காரியம் செய்து கொடுத்தான்.

முதலாவது, குழுக்களை மட்டும் ஊமையாக்குவது. வாட்ஸ்அப்பில் குழுவின் பெயரைத் தொட்டு, அறிவிப்புகளை 'Mute' செய்தால், 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று கேட்கும். 'Always' என்று வைத்துவிட்டால் சேதி வரும், சத்தம் வராது.

இரண்டாவது, போனின் அமைப்பில் உள்ள 'Do Not Disturb'. இதை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை தானாக இயங்கும்படி வைக்கலாம். இதிலேயே, யாருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கலாம் என்று சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் அம்மா, அப்பா, கணவர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் பெயருக்கு நட்சத்திரம் போட்டு, அழைப்புகளில் 'Starred contacts' என்பதை அனுமதிக்க வேண்டும். பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறவரை அனுமதிக்கும் வசதியும் உண்டு. ஆண்ட்ராய்டில் அதே ஆள் 15 நிமிஷத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். ஐபோனில் மூன்று நிமிஷத்துக்குள்.

வைத்துவிட்டதோடு நம்பி இருந்துவிடாதீர்கள். தம்பி பகலிலேயே அதைப் போட்டுவிட்டு, முதலில் அம்மாவைக் கூப்பிடச் சொன்னான், மணி அடித்தது. பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னான், அடிக்கவில்லை. அப்போதுதான் திருப்தியானான். அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லி வைத்தான்: "அவசரம்னா வாட்ஸ்அப்புல கூப்பிடாதே, சாதாரண போன்ல கூப்பிடு. எடுக்கலைன்னா உடனே இன்னொரு தடவை கூப்பிடு." வாட்ஸ்அப் அழைப்புக்கும் இதே வழி திறக்கும் என்று நிச்சயமாக நம்பி இருக்க முடியாது.

போன வாரம் மாடி வீட்டுப் பெண் குழந்தையை விட்டுவிட்டுப் போகும்போது சிரித்தாள். "முந்தா நாள் ராத்திரி மூணு மணிக்கு அம்மா கூப்பிட்டா, மாமி. மணி அடிச்சுது!"

"ஐயையோ, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லே. கொசுவர்த்தியை அணைக்கக் கையை நீட்டினாளாம், போன்லே பட்டுடுத்தாம். சின்னவன் முழிச்சுண்டான். நானும் அம்மாவும் அரை மணி பேசிண்டிருந்தோம்."

இன்று இரவு எனக்கு ஒரு சேதி எழுத வேண்டியிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு வகுப்பு இல்லை. எழுதி எனக்கே அனுப்பிக் கொண்டு படுத்துவிடுவேன். நாளைக் காலை பத்து மணிக்கு, தோசைக்கல் ஆறிய பிறகு, பதினாலு வீட்டுக்கும் போகும்.